செவ்வாய்க்கிழமை மாலை, இரண்டு மணி நேரம்

திருமணமாகி 12-ஆம் ஆண்டில் ஒரு நாள் எனக்கும் என் கணவருக்கும் சண்டை வந்தது. எதற்காக என்பது இப்போது நினைவில்லாத அளவுக்கு அற்பமான சண்டை. அதன் பின் வந்த அரை மணி நேரம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, யாரிடமாவது கொட்டித் தீர்த்தால்தான் ஆறும் என்று கைபேசியை எடுத்தவள், பெயர்ப் பட்டியலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தேன். அம்மாவிடம் சொன்னால் ஒரு வாரம் தூங்க மாட்டார். அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர்களிடம் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. மற்ற பெயர்களெல்லாம் எங்கள் இருவருக்கும் பொதுவானவர்கள். அவர்களில் யாரை அழைத்தாலும் அது அவரைப் பற்றி அவருடைய நண்பரிடம் புகார் சொல்வதாகவே முடியும். அவர்மீது எனக்கிருந்த கோபத்தைச் சொல்லி ஆற எனக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆள் அவர்தான். சிறிது நேரம் கழித்து வெளியே போய் அவரிடமே சொன்னேன். இருவரும் சிரித்துவிட்டோம். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகச் செரிக்கவில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் கணவர் யாரோடும் பேசாதே என்றோ எங்கும் போகாதே என்றோ ஒரு நாளும் சொன்னவர் அல்லர். அப்படிச் சொல்லும் துணை, வெளியே போய் வந்தால் நாட்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் துணை, கைபேசியைச் சோதித்துப் பார்க்கும் துணை என்றால் அது வேறு நோய். நான் இங்கே சொல்லப் போகும் எதுவும் அதற்கு மருந்தாகாது. வேறுபாட்டை அறிய ஒரு வழி உண்டு. வாரத்தில் ஒரு மாலை வெளியே போகிறேன் என்று சொன்னவுடன் துணைக்கு வருத்தமோ குழப்பமோ வந்து, சில வாரங்களில் அது தணிந்தால், இருப்பது பழக்கத்தின் சிக்கல். வாரங்கள் போகப் போக விசாரணையும் தண்டனையும் கூடிக்கொண்டே போனால், அதைத் தனியாகக் கையாள முயலாமல் வெளியிலிருந்து உதவி தேட வேண்டும்.

எங்களுடையது பழக்கத்தின் சிக்கல்தான். ஆகவே பழியைப் போட ஆளில்லை. எப்படி நடந்தது என்று திரும்பிப் பார்க்கத்தான் முடிந்தது. பார்த்தபோது இரண்டு செய்கைகள் தெளிவாகத் தெரிந்தன, இரண்டும் என்னுடையவை.

முதலாவது, தொலைபேசியை ஸ்பீக்கரில் போடும் வழக்கம். திருமணமான புதிதில் என் தோழி அழைத்தால் அவரும் பக்கத்தில் இருப்பார். இருவருமாகப் பேசினால் கலகலப்பாக இருக்குமே என்று ஸ்பீக்கரில் போடுவேன். அவரும் ஒரு வேடிக்கை சொல்வார், அவளும் சிரிப்பாள். சில மாதங்களில் அவள் பேச்சு மாறியது. நலம் விசாரிப்பாள், பொதுவாக ஏதாவது சொல்வாள், வைத்துவிடுவாள். தன் வேலையில் இருந்த நெருக்கடியையோ வீட்டில் இருந்த மனவருத்தத்தையோ அவள் சொல்வது நின்றுபோனது. மூன்றாவது ஆள் கேட்டுக்கொண்டிருக்கும் அறையில் யார்தான் அதையெல்லாம் சொல்வார்கள்? நான் அவளை இழந்ததாகவே எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அழைப்புகள் வந்துகொண்டுதான் இருந்தன.

இரண்டாவது, "அவரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்ற வாக்கியம். பழைய தோழிகள் சந்திக்கலாமா என்று கேட்கும்போதெல்லாம் இது என் வாயில் தானாக வந்தது. மரியாதைக்காகச் சொன்னதுதான், ஆனால் கேட்பவரின் காதில் அது எப்படி விழுகிறது என்று நான் யோசித்ததில்லை. அழைத்தது என்னை ஒருத்தியை. முடிவு செய்யப்போவது இருவர். எனவே மறுப்பு வரும் வாய்ப்பும் இரண்டு மடங்கு. மூன்று முறை இப்படிக் கேட்டவர் நான்காம் முறை கூப்பிட மாட்டார். கூப்பிட்டாலும், "நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள்" என்றுதான் கூப்பிடுவார்.

பொழுதுபோக்கு போனதும் இதே போலத்தான். நான் பள்ளி நாளிலிருந்து மேசைப்பந்து ஆடியவள். பெரிய ஆட்டக்காரி இல்லை என்றாலும் வாரம் மூன்று நாள் தவறாமல் ஆடியவள். 2013-இல் வீடு மாறினோம், ஆட்டக்கூடம் தூரமானது. மூன்று நாள் ஒன்றானது. பிறகு அந்த ஒரு நாளில் அவருக்கு விடுமுறை வந்ததால் சேர்ந்து எங்காவது போகலாம் என்று அதையும் விட்டேன். ஒவ்வொரு முடிவும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே இருந்தது.

மீண்டும் தொடங்கலாம் என்று நினைத்தபோது நான் செய்த முதல் காரியம் தவறான காரியம். அவரையும் அழைத்தேன். தனியாகப் போனால் அவரை ஒதுக்குவது போல் இருக்கும் என்ற உறுத்தல் எனக்கு; என்னை மகிழ்விக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு. ஆனால் அவர் மட்டையைப் பிடித்தே அறியாதவர். கூடத்தில் இருந்த இரண்டு மணி நேரமும் நான் மெதுவாகப் பந்தைத் தூக்கிப் போட, அவர் அதை வலையில் அடிக்க, நான் குனிந்து பொறுக்கி மறுபடி போட என்று கழிந்தது. பக்கத்து மேசையில் ஆடியவர்கள் எங்களைத் தம்பதி என்று தெரிந்துகொண்டு, ஒரு ஆட்டத்துக்கும் என்னை அழைக்காமல் நாகரிகமாக விலகியே இருந்தார்கள். நான்கு வாரங்களில் அவருக்குத் தோள் வலி, எனக்குச் சலிப்பு. இருவரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லாமல் நிறுத்தினோம். நான் தேடியது விளையாட்டை என்று நினைத்திருந்தேன். அவர் பக்கத்தில் இல்லாதபோது நான் யாராக இருந்தேனோ அவளைத்தான் தேடினேன் என்பதும், அவரை உடன் அழைத்துப் போய் அவளைக் கண்டுபிடிக்க முடியாது என்பதும் அந்த நான்கு வாரம் வீணான பிறகே விளங்கின.

இதை அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அதிலும் முதல் முயற்சி சொதப்பல். ஒரு நாள் இரவு விளக்கணைத்த பிறகு, "எனக்கென்று ஒன்றுமே இல்லை, மூச்சு முட்டுகிறது" என்று ஆரம்பித்தேன். அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "என்னோடு இருப்பதா உனக்கு மூச்சு முட்டுகிறது?" என்று கேட்டார். அன்று இரவு முழுவதும் அவரைச் சமாதானப்படுத்துவதிலேயே போயிற்று. நான் கேட்க வந்தது அந்தரத்தில் நின்றுவிட்டது. உணர்ச்சியை மட்டும் முன்னே வைத்தால், கேட்பவர் அதற்குத் தானே காரணம் என்று எடுத்துக்கொண்டு பதறுவார். இது அவருடைய குற்றமில்லை.

இரண்டு வாரம் கழித்து, பகல் வெளிச்சத்தில், இருவரும் களைப்பில்லாமல் இருந்த நேரத்தில், வேறு மாதிரி சொன்னேன். செவ்வாய்க்கிழமைகளில் ஆறரை மணி முதல் எட்டரை மணி வரை மேசைப்பந்து ஆடப் போகிறேன். தனியாகத்தான் போவேன். ஒன்பது மணிக்கு வீட்டில் இருப்பேன். நம்முடைய ஞாயிற்றுக்கிழமை எப்போதும் போல நம்முடையதுதான். எட்டு வாரம் இப்படிப் போகட்டும், அதன் பிறகு உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று உட்கார்ந்து பேசுவோம். இவ்வளவுதான். அவர் கேட்ட ஒரே கேள்வி, "ஏன் செவ்வாய்?" என்பது. வாரத்தில் நாங்கள் இருவருமே ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடக்கும் நாள் அதுதான் என்று சொன்னேன். அவர் யோசித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

கிழமை, நேரம், எது மாறாது என்ற உறுதி, எப்போது மறுபடி பேசுவோம் என்ற கெடு ஆகிய நான்கையும் சேர்த்துச் சொன்னதுதான் பலித்தது என்று நினைக்கிறேன். குறிப்பாகக் கிழமையை நிலையாக வைப்பது முக்கியம். "நேரம் கிடைக்கும்போது போகிறேன்" என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அது புதிய பேச்சுவார்த்தையாகிவிடும். ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் தோற்கப்போவது ஆட்டம்தான், ஏனென்றால் வீட்டில் அன்றைக்கென்று ஒரு வேலை எப்போதும் இருக்கும். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இது இவ்வளவு எளிதாக அமையாது. அங்கே இருவருக்கும் ஆளுக்கொரு மாலை, சம நேரம் என்று ஒரே நாளில் பேசி முடித்துக்கொள்வதுதான் நிலைத்திருப்பதாக என் தோழி ஒருத்தியின் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

பரணிலிருந்து என் பழைய மட்டையை எடுத்தபோது அதன் ரப்பர் கண்ணாடி போல் மினுமினுவென்று இறுகிப் போயிருந்தது. நல்ல ரப்பரில் பந்தை அழுத்தித் தேய்த்தால் பிடித்து இழுக்கும். இதில் வழுக்கிக்கொண்டு ஓடியது. ரப்பரை மாற்றிக்கொண்டு போய், அவருக்குத் தூக்கிப் போட்டது போலல்லாமல் முழு வேகத்தில் ஆடியபோதுதான் பந்தே மாறியிருப்பது உறைத்தது. நான் ஆடிய காலத்தில் செல்லுலாய்டு பந்து. 2014-லிருந்து சர்வதேசப் போட்டிகளில் பிளாஸ்டிக் பந்து வந்து, அதுவே எங்கும் பரவிவிட்டது. புதிய பந்து பழையதைப் போலச் சுழலாது. நான் பெருமையாக வைத்திருந்த சுழல் சர்வீஸ் சாதுவாகப் போய் எதிராளியின் மட்டையில் விழுந்தது. தனியாகப் போன முதல் நாள் என்னை ஒரு பதினான்கு வயதுப் பையன் மூன்று ஆட்டங்களிலும் தோற்கடித்துவிட்டு, "அக்கா, ரொம்ப நாள் கழித்து ஆடுகிறீர்களா?" என்று அன்பாகக் கேட்டான். எனக்கு அவமானமாக இல்லை. வெகு காலத்துக்குப் பிறகு யாரோ என்னைப் பற்றி, என்னைப் பற்றி மட்டும், ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள்.

விளையாட்டு திரும்பி வந்துவிட்டது. நட்பு அவ்வளவு விரைவில் வரவில்லை. இரண்டு மாதம் கழித்தும் அங்கே எனக்கு வணக்கமும் புன்னகையும்தான் இருந்தன. இந்த வயதில் இனி யாரும் கிடைக்க மாட்டார்கள் போலும் என்று சோர்ந்திருந்த சமயத்தில், அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரமும், அதைத் தாண்டி நண்பராவதற்கு ஏறத்தாழ 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் ஒன்றாகக் கழிக்க வேண்டியிருக்கிறது என்று அவர் கணக்கிட்டிருந்தார். இது சராசரிக் கணக்குதான். மனிதருக்கு மனிதர் மாறும். ஆனாலும் வாரம் இரண்டு மணி நேரம் என்று வகுத்துப் பார்த்தேன். 50 மணி நேரத்துக்கே 25 வாரங்கள், கிட்டத்தட்ட ஆறு மாதம். நான் எட்டு வாரத்தில் 16 மணி நேரத்தை முடித்துவிட்டு ஏமாந்துபோய் உட்கார்ந்திருந்தேன்! திருமணத்துக்கு முன்பு கல்லூரியில் ஒரே நாளில் எட்டு மணி நேரம் ஒன்றாகச் சுற்றியவர்களுக்கு அந்த 50 மணி நேரம் ஒரே வாரத்தில் கழிந்துபோகும். அதனால்தான் அப்போது நட்பு தானாக வந்தது போல் தோன்றியிருக்கிறது.

அந்தக் கணக்கு என் நடத்தையை ஒரு விதத்தில் மாற்றியது. அதுவரை ஆட்டம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவேன். மேசையில் இருக்கும்போது யாரும் பேச முடியாது. பேச்சு நடப்பது அடுத்த முறைக்காகக் காத்திருக்கும் பெஞ்சிலும், முடிந்த பிறகு காலணியை மாற்றிக்கொள்ளும் அந்தப் பதினைந்து நிமிடத்திலும்தான். அங்கே உட்காரத் தொடங்கினேன். ஏழாம் மாதத்தில் என்னோடு இரட்டையர் ஆடும் பெண்மணி, தன் தாயாரின் மறதி நோயைப் பற்றி அந்தப் பெஞ்சில்தான் முதல் முறை பேசினார்.

பழைய தோழிகள் விஷயத்தில் எனக்கு வெட்கம்தான் பெரிய தடையாக இருந்தது. இத்தனை ஆண்டு கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு இப்போது எந்த முகத்தோடு எழுதுவது? ஐந்து பேரின் பெயரை ஒரு தாளில் எழுதினேன். முதல் ஆளுக்கு நான் எழுதிய செய்தி ஒரு பக்கம் இருந்தது, முழுவதும் மன்னிப்பு. படித்துப் பார்த்தபோது, இதைப் பெறுபவர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய கட்டாயத்துக்கு ஆளாவார் என்று தோன்றியதால் அழித்துவிட்டேன். அனுப்பியது மூன்று வரி: "நேற்று ஒரு பழைய நோட்டில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். என் பெயரைத் தப்பும் தவறுமாக எழுதி வைத்திருக்கிறாய். எப்படி இருக்கிறாய்?" குறிப்பான ஒரு நினைவு, பதில் சொல்ல எளிதான ஒரு கேள்வி, உடனே சந்திக்கலாம் என்ற அவசரம் இல்லாமை, இந்த அமைப்பையே மற்ற நால்வருக்கும் பின்பற்றினேன். இருவர் அன்றே பதில் எழுதினார்கள். ஒருத்தி பதினொரு நாள் கழித்து எழுதினாள். ஒருத்தி கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினாள். ஐந்தாமவரிடமிருந்து இன்று வரை ஒன்றுமில்லை. அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. இப்படி நாமாகத் தொடர்புகொள்ளும்போது மற்றவர் அதை எவ்வளவு மதிக்கிறார் என்பதை நாம் குறைத்தே எடை போடுகிறோம் என்று பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெக்கி லியுவும் அவருடன் ஆய்ந்தவர்களும் 2022-இல் எழுதியிருப்பதைப் பிற்பாடு அறிந்தேன். முன்பே தெரிந்திருந்தால் அந்தத் தாள் ஒரு மாதம் மேசை இழுப்பறையில் கிடந்திருக்காது.

பதினொரு நாள் கழித்து எழுதியவள்தான் ஸ்பீக்கர் காலத்துத் தோழி. நேரில் சந்தித்தபோது இரண்டு மணி நேரம் பேசியும் ஏதோ ஒரு திரை விலகாமலே இருந்தது. கிளம்பும்போது நேரடியாகவே கேட்டேன். அவள் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "உன்னிடம் ஒன்றைச் சொன்னால் உன் வீட்டுக்காரரிடமும் சொன்ன மாதிரிதானே. ஒரு முறை நான் உன்னிடம் மட்டும் சொன்ன விஷயத்தை அவர் என்னிடமே விசாரித்தார். நல்ல மனசோடுதான் விசாரித்தார். ஆனால் அதற்குப் பிறகு எனக்குச் சொல்ல வரவில்லை."

எங்களுக்குள் எந்த ஒளிவுமறைவும் இல்லை என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்ட காலமெல்லாம், அடுத்தவருடைய ரகசியத்தையும் சேர்த்தே அவரிடம் ஒப்படைத்திருக்கிறேன். அன்று வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொன்னேன்: என்னைப் பற்றி எதையும் உங்களிடம் மறைக்க மாட்டேன், ஆனால் தோழிகள் தங்களைப் பற்றிச் சொல்வது அவர்களுடையது, அதைச் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். அவருக்குச் சற்று வலித்தது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அதுவரை கேட்டுவந்த "அவள் என்ன சொன்னாள்?" என்ற கேள்வி, "நன்றாகப் போயிற்றா?" என்று மெல்ல மாறியது. அந்தத் தோழியிடமும் இதைச் சொன்னேன். அவள் நம்புவதற்கு மேலும் மூன்று சந்திப்புகள் பிடித்தன.

வீட்டுப் பக்கத்தில் முதல் சில செவ்வாய்கள் கடினமாகத்தான் இருந்தன. எட்டு மணிக்கே "கிளம்பிவிட்டாயா?" என்று செய்தி வரும். நான் திரும்பும்வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். இதைப் பார்க்கச் சகிக்காமல் நான் இரண்டு தவறு செய்தேன். முதலில், சீக்கிரமே கிளம்பி வரத் தொடங்கினேன். பெஞ்சில் உட்காரும் நேரம் அதில்தான் பறிபோனது. அடுத்து, ஈடு கட்டுவது போல மற்ற மாலைகளிலெல்லாம் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். பட்ட கடனை வட்டியோடு அடைப்பது போல ஆகிவிட்டது அது. ஆடிவிட்டு வந்த மகிழ்ச்சியைவிடக் கடனாளி என்ற உணர்வே மேலோங்கியது. எட்டாம் வாரப் பேச்சில் இதை அப்படியே சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டார். "நீ சீக்கிரம் வரவேண்டும் என்று நான் கேட்கவே இல்லையே. நேரம் போகாமல்தான் செய்தி அனுப்பினேன்" என்றார்.

உண்மையில் பிரச்சினை அதுதான். எனக்கு இல்லாமல் போனது போலவே அவருக்கும் எதுவும் இல்லாமல் போயிருந்தது. நான் வெளியே போகத் தொடங்கியதால் அது அவருக்கு வெளிச்சமாகிவிட்டது. நான் உடனே அவருக்கொரு பொழுதுபோக்கைத் தேடித் தரும் வேலையில் இறங்கினேன். புகைப்பட வகுப்பு, நடைக்குழு, பழைய நண்பர்களின் எண்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். மூன்றாவது யோசனையில் அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "என்னை விட்டுவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அவருடைய வெறுமையை நிரப்புவதையும் என் பொறுப்பாக எடுத்துக்கொண்டிருந்தால், மறுபடியும் இருவருக்கும் ஒரே வாழ்க்கையைத்தான் திட்டமிட்டுக் கொடுத்திருப்பேன். விட்டுவிட்டேன். அது சிரமமாக இருந்தது. பல செவ்வாய்கள் அவர் சும்மாதான் படுத்திருந்தார்.

இப்போது ஒன்றரை ஆண்டு ஆகிறது. ஐந்து பெயர்களில் இருவரோடு உயிர்ப்புள்ள நட்பு இருக்கிறது. கூடத்தில் கிடைத்த ஒருவரோடு புதிய நட்பு. அந்தப் பதினான்கு வயதுப் பையனுக்குப் பதினைந்தாகிவிட்டது, அவனை ஒரு ஆட்டத்திலாவது வெல்வேன் என்ற நம்பிக்கை குறைந்துகொண்டு வருகிறது.

சென்ற மாதம் ஒரு செவ்வாயன்று மின்சாரம் போய், ஆட்டம் பாதியில் நின்றதால் ஏழரைக்கே வீடு திரும்பினேன். கதவைத் திறந்தபோது அவர் கூடத்தில் உலாவியபடி தொலைபேசியில் யாரோடோ பேசி, நான் வெகு நாளாகக் கேட்டிராத ஒரு சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையசைத்தார். பழைய வழக்கப்படி இப்போது ஸ்பீக்கரில் போடுவார் என்று நான் நின்றேன். அவர் போடவில்லை, காதிலிருந்து எடுக்காமலே பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் காலணியைக் கழற்றினேன், மட்டையின் ரப்பரைத் துடைத்து உறையில் போட்டேன். அவர் உள்ளே வந்தபோது யார் என்று கேட்கவில்லை.

"நன்றாகப் போயிற்றா?" என்று கேட்டேன்.